சிவப்புக் கரையும் உப்புத் தண்ணீரும்

"அந்த நெசவாளர் சங்கத்துச் சேலையை வாங்கலாமா?" என்று தோழி கேட்டாள். மூன்று ஆண்டுகளாக அதை உடுத்துகிறேன். சேலையைவிட, அதன் படத்துக்குக் கீழே அவர்கள் எழுதியிருந்த குறிப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்தக் குறிப்பின் கதைப் பகுதி அருமை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தறியில் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைப்பதை விவரித்திருந்தார்கள். அதைப் படித்திருந்ததால், புதுச்சேலை அட்டைபோல் விறைத்து நின்றபோது நான் பதறவில்லை. நாலைந்து சலவையில் கஞ்சி போய், துணி கைக்குள் குழைந்துவிட்டது. 80ஆம் எண் நூலுக்கு ஒரு விலை, 100ஆம் எண்ணுக்குக் கூடுதல் விலை என்று போட்டிருந்ததும் கதையால்தான் புரிந்தது. எண் கூடக் கூட நூல் மெலிகிறது, குறுக்கே ஓடும் ஊடை இழைகள் அங்குலத்துக்கு அதிகம் தேவைப்படுகின்றன, நெய்ய நாள் கூடுகிறது.

பராமரிப்புக்கு ஒதுக்கியது ஒரே வரி: "முதல் மூன்று முறை உப்பு நீரில் அலசினால் சாயம் கெட்டிப்படும்." அப்படியே செய்தேன். மூன்று முறையும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நான்காம் முறை வெறும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தேன். வாளி முழுக்க ரோஜா நிறம். சிவப்புக் கரையை ஒட்டிய வெள்ளை உடலில் ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு ஏறிவிட்டது. இன்றுவரை போகவில்லை.

பிறகு ஒரு சாயக்காரரிடம் கேட்டேன். பருத்தி நூலைச் சாயமேற்றும் தொட்டியில் உப்பின் வேலை, நிறத்தை நூலின் பக்கம் தள்ளுவது மட்டும்தானாம். இந்த வகைச் சாயம் நூலோடு ஒட்டுவது சோடா போன்ற காரத்தால். ஒட்டாமல் தங்கிய சாயத்தை வெந்நீரில் சோப்பிட்டு நன்றாக அலசி வெளியேற்ற வேண்டும். அந்தக் கடைசி அலசல் போதாமல் சேலை வெளியே வந்தால், வீட்டில் உப்புத் தண்ணீர் மிச்சச் சாயத்தை நூலுக்குள்ளேயே பிடித்து வைக்கும். வெறும் தண்ணீர் பட்டதும் அது இறங்கும். ஆக, உப்பு எனக்குக் குறையை மறைத்துக் காட்டியிருக்கிறது, தீர்த்து வைக்கவில்லை.

நனைத்த வெள்ளைத் துணியைக் கரையின்மேல் பத்து நிமிடம் அழுத்தி வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கறை தெரிந்திருந்தால் ஊறவைக்காமல், நிறையக் குளிர்ந்த நீரில் தனியாக, நிறம் நிற்கும்வரை திரும்பத் திரும்ப அலசி, ஈரத்தோடு மடித்து வைக்காமல் உடனே நிழலில் விரித்திருப்பேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு அந்தக் குறிப்பில் இடமில்லையா? தறியை அத்தனை அன்போடு எழுதத் தெரிந்தவர்கள் சாயத்தொட்டியையும் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

என்னிடம் உள்ள பருத்திச் சேலைகளில் இதைத்தான் அதிகம் உடுத்துகிறேன். சங்கத்துக்கும் எழுதினேன். வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது மாறும்வரை வாங்காதே என்று தோழியிடம் சொல்லிவிட்டேன்.