க்ரோனி நீண்ட நாள் பயன்பாட்டில்: கேண்டிலை எந்தக் கடிகாரம் மூட வேண்டும்?

பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்துதான் என் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் புரோகிராமைக் கவனிக்கிறேன். அது ஓடுவது மும்பையில் உள்ள ஒரு வாடகை லினக்ஸ் சர்வரில். அந்த சர்வரின் நேரத்தைச் சரியாக வைத்திருக்க க்ரோனி என்ற புரோகிராமைப் பயன்படுத்துகிறேன். ரொம்ப நாளாகவே ஓடுவதால், எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

சாதாரண கணினியின் குவார்ட்ஸ் கடிகாரம் 20 பிபிஎம் தவறினால் ஒரு நாளைக்கு 1.7 விநாடி விலகிவிடும். க்ரோனி அந்த வேக வித்தியாசத்தையே அளந்து திருத்துகிறது. நேரத்தை ஒரேயடியாகத் தள்ளாமல் மெல்ல இழுத்துச் சேர்ப்பதுதான் எனக்கு முக்கியம். சந்தை நேரத்தில் கடிகாரம் பின்னால் குதித்தால் ஒரே நிமிடம் இரண்டு முறை வந்துவிடும். அதனால் தொடக்கத்தில் மட்டும் குதிக்க அனுமதித்திருக்கிறேன்:

```
server time.nplindia.org iburst
makestep 1.0 3
```

இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் அது. அதோடு இன்னும் இரண்டு மூன்று சர்வர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் இருந்தால் அது தவறாகச் சொல்கிறதா என்று ஒப்பிட வழியில்லை. காலை 9 மணிக்கு முன் `chronyc tracking` அடித்து, `System time` வரியைப் பார்ப்பேன். சில மில்லி விநாடிக்குள் இருந்தால் போதும். வாடகை சர்வரை நிறுவனம் சற்று நிறுத்தி எழுப்பினால் கடிகாரம் திடீரென்று பின்தங்கலாம், அதற்காகத்தான் தினமும் இந்தப் பார்வை.

ஆனால் க்ரோனி சர்வரின் கடிகாரத்தை மட்டுமே சரிசெய்யும். சிக்னல் எப்போது விழுகிறது என்பது வேறு விஷயம். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 5 நிமிட கேண்டில் 24,810-க்கு மேல் மூடினால் வாங்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் நேரப்படி 9:19:58-ல் விலை 24,808, 9:19:59.9-ல் 24,812, 9:20:00-ல் 24,806. ஒவ்வொரு டிக்கும் நம்மிடம் வந்துசேரச் சற்றுத் தாமதமாகிறது, 24,812 டிக் வருவது 9:20:00.3-க்கு.

சர்வர் கடிகாரம் 1.2 விநாடி முந்தியிருந்தால், அது 9:20 என்று நினைக்கும்போது உண்மை நேரம் 9:19:58.8. கேண்டில் 24,808-ல் மூடும், சிக்னல் இல்லை. 1.2 விநாடி பிந்தியிருந்தால் 9:20:01.2 வரை காத்திருந்து 24,806-ல் மூடும், அப்போதும் சிக்னல் இல்லை. சரி, கடிகாரம் துல்லியமாக இருந்தால்? 24,812 டிக் 9:20-க்கு 0.3 விநாடி கழித்து வருவதால் அடுத்த கேண்டிலுக்குப் போய்விடும். எக்ஸ்சேஞ்ச் நேரத்தை வைத்து ஓடும் பேக்டெஸ்ட் காட்டும் வாங்கல், மூன்று நிலையிலும் நேரடியில் வராது.

ஆகவே டிக் எந்தக் கேண்டிலைச் சேர்ந்தது என்பதை அதோடு வரும் எக்ஸ்சேஞ்ச் நேரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 9:20 நேரமிட்ட முதல் டிக் வந்ததும் முந்தைய கேண்டிலை மூடலாம். அதிகம் வர்த்தகமாகாத ஆப்ஷனில் அந்த டிக் சில நிமிடங்கள் வராமலும் போகலாம். அங்கே ஒரு டைமர் தேவை, நான் 2 விநாடி வைத்திருக்கிறேன். க்ரோனி பிடித்துவைத்த கடிகாரம் பலன் தருவது இங்கேதான். இன்னொரு கவனம்: கடைசி வர்த்தக நேரமும் எக்ஸ்சேஞ்ச் நேரமும் தனித்தனி புலங்கள். ஆப்ஷனில் முதலாவது ரொம்பப் பழையதாக இருக்கலாம், ஃபீட் பிந்துகிறது என்று தவறாக எண்ணிவிடக் கூடாது.

விலகலைக் கண்டுபிடிக்க வந்த நேரத்திலிருந்து எக்ஸ்சேஞ்ச் நேரத்தைக் கழித்துப் பார்க்கலாம். சில்லறை ஃபீடில் அந்த நேரம் பெரும்பாலும் முழு விநாடிகளில்தான் வரும், அதனால் ஒவ்வொரு டிக்கிலும் ஒரு விநாடி வரை பொய்த் தாமதம் சேரும். நிறைய டிக்குகளை எடுத்து, மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள். அது எதிர்மறையாக வந்தால் டிக் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது என்று அர்த்தம், அதாவது உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. நேர்மறையாக இருந்தால் அதில் தாமதம் எவ்வளவு, விலகல் எவ்வளவு என்று இந்தக் கழித்தலால் பிரிக்க முடியாது. அப்போது `chronyc tracking`தான் பதில் சொல்லும்.

ஆர்டரிலும் இப்படித்தான். நான் அனுப்பிய நேரம் என் கடிகாரம், ஏற்ற நேரம் புரோக்கரின் கடிகாரம், நிறைவேறிய நேரம் எக்ஸ்சேஞ்சின் கடிகாரம். மூன்றையும் கழித்து ஸ்லிப்பேஜுக்குக் காரணம் சொல்லக் கூடாது. அனுப்பியதற்கும் பதில் வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தைப் பைத்தானின் `time.monotonic()` வைத்தே அளக்கிறேன், கடிகாரத்தைத் திருத்தினாலும் அது பின்னால் போகாது.