சுங்கை சிப்புட் தையல் கடைக்கு முகநூல் விளம்பரம்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

சுங்கை சிப்புட்டில் அக்கா நடத்தும் தையல் கடைக்குச் சில வருடங்களாக நான்தான் முகநூல் விளம்பரம் போடுகிறேன். பதிவுக்குக் கீழே வரும் Boost பொத்தானைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. முகநூலின் விளம்பரக் கருவியான Ads Manager-இல் முதல் விளம்பரத்தை எப்படி அமைத்தால் சின்ன ஊர்க் கடைக்குச் சரிவரும் என்பதுதான் விஷயம். கடையில் முக்கிய வேலை சேலை ரவிக்கை. இணையதளம் கிடையாது, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும்.

புதிய விளம்பரம் தொடங்கியதுமே குறிக்கோளைக் கேட்கும். Awareness, Traffic, Engagement, Leads, App promotion, Sales என்று ஆறு இருக்கும். எங்கள் மாதிரிக் கடைக்கு Engagement. அதற்குள் செய்தி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப்பை இணைக்க வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது. யாரைத் தேடிப்போக வேண்டும் என்று முகநூலுக்கு நாம் கொடுக்கும் உத்தரவு இதுதான். Traffic என்று சொன்னால், இணைப்பைக் கண்டாலே தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்துக் காட்டும். இரண்டையும் ஒரே படத்தோடு ஓட்டிப் பார்த்திருக்கிறேன். Traffic-இல் ஒரு தட்டலுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, ஆனால் "இந்த மாடல் தைப்பீங்களா?" என்று படம் அனுப்பியவர்கள் அபூர்வம். வெளியிட்ட பிறகு குறிக்கோளை மாற்ற முடியாது, புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

அடுத்து, யாருக்குக் காட்டுவது. எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இந்த இடத்தில்தான். ஊர்ப்பெயரைத் தட்டிச் சேர்ப்பதைவிட, வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் ஊசி குத்திச் சுற்றளவு கொடுப்பது நல்லது. அந்தத் தூரம் நேர்கோட்டுத் தூரம் என்பதை நினைவில் வையுங்கள், சாலைத் தூரம் அல்ல. நான் 18 கிலோமீட்டர் வைக்கிறேன். அதற்குள் கோலகங்சாரும் செம்மோரும் சுற்றியுள்ள தோட்டங்களும் வந்துவிடும், ஈப்போ நகரம் வெளியே நின்றுவிடும். ஈப்போக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவிலேயே தையல்காரர்கள் இருக்கிறார்கள். அளவு கொடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை என்று ஒரு ரவிக்கைக்காக இங்கே இரண்டு நடை வரமாட்டார்கள். அவர்கள் விசாரிப்பார்கள், விலை கேட்பார்கள், அதோடு சரி. அந்த விசாரிப்புக்கும் நம் காசுதான் போகும்.

மொழிப் பெட்டியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழர்களுக்குத்தானே காட்டப் போகிறோம் என்று அதில் தமிழைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் முகநூல் முதலில் பார்ப்பது ஒருவர் அதை எந்த மொழியில் பயன்படுத்துகிறார் என்பதை. வீட்டில் தமிழ் பேசி, தமிழ்ப்பள்ளியில் படித்து, கைப்பேசியை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். தமிழைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் காட்டும் உத்தேச எண்ணிக்கை எவ்வளவு சுருங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். அந்தப் பெட்டியைக் காலியாக விடுங்கள்.

அப்படியானால் தமிழரை எப்படி அடைவது? இனம், மதம் போன்றவற்றைச் சுட்டும் தேர்வுகளை 2022 ஜனவரியில் முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் நீக்கிவிட்டது. அதனால் அந்த வழி இல்லை. விளம்பரமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். முதல் வரி தமிழில், படத்தில் தைத்து முடித்த ரவிக்கையின் பின்கழுத்து. மற்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், தேவைப்பட்டவர்கள் நின்று செய்தி அனுப்புவார்கள். யார் அனுப்புகிறார்கள் என்பதை வைத்து முகநூல் அவர்களைப் போன்றவர்களைத் தேடத் தொடங்கும். இவ்வளவு சின்ன வட்டாரத்தில் அதற்குமேல் ஆர்வப் பட்டியல்களை அடுக்கினால் ஆள் எண்ணிக்கைதான் குறையும். இன்னொன்று, ஆட்களை முகநூலே தேடிக்கொள்ளும் Advantage+ audience முறையில் நாம் தரும் பாலினமும் ஆர்வங்களும் வெறும் பரிந்துரைதான், முகநூல் அதைத் தாண்டியும் போகும். இடம் அப்படியல்ல, அது கட்டாயம். ஆகவே இடத்தைச் சரியாக வைப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு? முகநூல் ஒரு தொகையைப் பரிந்துரைக்கும், நான் அதைப் பார்ப்பதில்லை. அக்காவிடம்தான் கேட்பேன். "வாரத்துக்குப் புதுசா எத்தனை ரவிக்கை எடுக்க முடியும்?" "பத்து. அதுக்கு மேல வேணாம் லா தம்பி, தையல் கெட்டுப்போயிடும்."

கணக்கு அந்தப் பத்திலிருந்து தொடங்கும். லைனிங் வைத்த ரவிக்கைக்குக் கூலி 60 வெள்ளி. துணி, கொக்கி, உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் போகக் கையில் நிற்பது 25. அதில் விளம்பரத்துக்கு 6 வெள்ளி தரலாம் என்று வைத்துக்கொண்டோம். உருப்படியாக விசாரிப்பவர்களில் மூவரில் ஒருவர் தைக்கக் கொடுக்கிறார், ஆக ஒரு விசாரிப்புக்கு 2 வெள்ளிவரை தாங்கும். பத்து ரவிக்கைக்கு முப்பது விசாரிப்பு, அதாவது வாரம் 60 வெள்ளி. டிஜிட்டல் சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு, அது தனியாகச் சேரும். தினம் 8 வெள்ளி வைத்தால் வாரத்துக்கு 56, வரியோடு 60 வெள்ளி 48 சென். அதுதான் எங்கள் தொகை. சில நாள் 14 வெள்ளி போயிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நாள் தொகையைவிட 75 விழுக்காடுவரை கூடுதலாகச் செலவாக இடமுண்டு, ஆனால் ஒரு வாரக் கணக்கில் ஏழு நாள் தொகையைத் தாண்டாது.

இந்த அளவில் ஓட்டினால் Learning limited என்று ஒரு குறி வரும். யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று முகநூல் பழகிக்கொள்வதுதான் கற்றல் கட்டம். வாரத்துக்குச் சுமார் 50 பலன், நம் விஷயத்தில் 50 விசாரிப்பு, கிடைத்தால்தான் அது முடியும், நமக்கு முப்பதுதான். விளம்பரம் நின்றுவிடாது, செலவு மட்டும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்தக் குறியைப் போக்கத் தொகையை ஏற்றுவது வீண், வருகிற ஆர்டரைத் தைக்க ஆள் வேண்டுமே. 8 வெள்ளியை மூன்று பிரிவாகப் பிரித்து மூன்று விதமான ஆட்களுக்குக் காட்டுவது இன்னும் மோசம், ஒவ்வொன்றுக்கும் வாரம் பத்துப் பலன்தான் மிஞ்சும். ஒரே ஒரு பிரிவு, அதாவது ஒரு ஆட் செட், அதில் இரண்டு படம், போதும். முதல் ஒரு வாரம் எதையும் தொடாதீர்கள். படத்தையோ இடத்தையோ மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

திரையில் காட்டும் உரையாடல் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. விளம்பரத்தைத் தட்டியதும் வாட்ஸ்அப்பில் தானாக நிரம்பி நிற்கும் வணக்கத்தை அனுப்பிவிட்டுக் காணாமல் போனவரும் அதில் சேர்ந்துவிடுவார். அதனால் அந்த வணக்கத்தை மாற்றி, "ரவிக்கை தைக்கணும், ... தேதிக்கு வேணும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். தேதியை நிரப்பியவர்கள், படம் அனுப்பியவர்கள் ஆகியோரை மட்டும் அக்கா நோட்டில் குறிக்கிறார். வாரச் செலவை அந்த எண்ணால் வகுத்துப் பார்ப்போம். 2 வெள்ளியைச் சுற்றி நின்றால் விட்டுவிடுவேன். இரண்டு வாரம் தொடர்ந்து 3-ஐத் தாண்டினால் படத்தை மாற்றுவேன், தொகையைக் குறைக்கமாட்டேன். தோட்டத்தில் சம்பளம் போடும் மாத முதல் வாரத்தில் விசாரிப்பு கூடும், மாதக் கடைசியில் இறங்கும். ஆகவே ஒரே வாரத்தை வைத்து முடிவெடுப்பதில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா ஆர்டரை மூடிவிடுவார், அன்றே விளம்பரத்தையும் நிறுத்துவேன். 10.10, 11.11 மலிவு விற்பனைகளுக்குப் பெரிய கடைகள் காசைக் கொட்டுவதும் அந்த நேரத்தில்தான், விளம்பர இடத்துக்கு முகநூல் நடத்தும் ஏலத்தில் நாம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஏழு நாளுக்கு மேல் நிறுத்தினால் கற்றல் புதிதாகத் தொடங்கும் என்பது தெரிந்ததுதான். பொங்கல் முடிந்து கல்யாண ஆர்டர் வரும் சமயத்தில், புதுப் படத்தோடு அதே 8 வெள்ளியில் மறுபடி போடுவேன்.