டாக்டருக்கு எழுதித் தர யார்: தனி ஆளா, ஏஜென்சியா?

அண்ணா நகரில் கிளினிக் நடத்தும் ஓர் இதய மருத்துவரை எடுத்துக்கொள்வோம். லிங்க்ட்இன்னில் மாதம் எட்டுப் பதிவு, எப்போதாவது ரோட்டரி கூட்டத்தில் பத்து நிமிடப் பேச்சு. எழுத அவருக்கு நேரமில்லை.

குரலில்தான் பெரிய வித்தியாசம். ஏஜென்சியில் பெரும்பாலும் ஒரு படிவம் வரும்: உங்கள் தொனி நட்பானதா, கறாரானதா, டிக் அடியுங்கள். டாக்டரிடம் பேசுபவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். கடைசியில் "ஆரோக்கியமான இதயமே ஆனந்த வாழ்வு" என்று வந்து நிற்கும். எந்த டாக்டர் பெயரையும் அடியில் போட்டுக்கொள்ளலாம். தனியாக எழுதுபவர் விவரமானவராக இருந்தால், அரை மணி நேரம் டாக்டரைப் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்வார். "நெஞ்சு இறுக்குதுன்னா கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுட்டுப் படுத்துடாதீங்க" என்று அதில் ஒரு வரி வரும். அதைத் திருத்தாமல் அப்படியே முதல் வரியாக வைப்பவர்தான் தேறுவார். சந்தேகமிருந்தால் வரைவை ரிசப்ஷனில் இருப்பவரிடம் காட்டுங்கள். "சார் இப்படிப் பேச மாட்டாரே" என்றால் அவ்வளவுதான்.

மேடைப்பேச்சில் இரு தரப்பும் சறுக்குவது அளவில். தமிழில் பத்து நிமிடத்துக்கு 800, 900 சொற்களே தாராளம். ஆங்கிலக் கணக்குப்படி 1300 வந்தால், எழுதியவர் வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ரகசியம் என்று வந்தால், ஏஜென்சி ஒப்பந்தம் கனமாக இருக்கும். வரைவோ நாலு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். தனி ஆளிடம் விஷயம் ஒருவரோடு நிற்கும், ஆனால் ஒப்பந்தமே இருக்காது. கேட்டு வாங்க வேண்டும். நோயாளியின் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று இருவருமே நினைப்பார்கள். "போன வாரம் வந்த அம்பத்தூர் பள்ளி ஆசிரியை, வயது 42" என்றாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். வயது, ஊர், வேலை எல்லாவற்றையும் டாக்டரே விட்டுவிட்டுச் சொல்வது நல்லது. பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டாம். வரைவை வாங்கித் தானே பதிவிடலாம்.

உரிமையில் ஒரு நுணுக்கம் உண்டு. பொது மேடையில் பேசிய உரை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பேசியவருக்கே சொந்தம். பதிவுகள் அப்படியல்ல, எழுதித் தருபவர் அவற்றின் உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டு டாக்டருக்கு மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும்.

கட்டணத்துக்கு ஓர் உதாரணம். தனி ஆள் பதிவுக்கு 2,000 கேட்டால் மாதம் 16,000. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி இருக்காது. ஏஜென்சி 25,000 சொன்னால் 18 சதவீதம் சேர்ந்து 29,500. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், டாக்டர் அந்த 4,500-ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறவும் முடியாது. ஜிஎஸ்டி கட்டும் கம்பெனிக்காரருக்கு இந்தச் சுமை இல்லை. அங்கே மூன்று இயக்குநர்களுக்கும் சேர்த்து எழுத வேண்டும், படமும் வேண்டும் என்றால் நானே ஏஜென்சியைத்தான் சொல்வேன்.

டாக்டருக்குத் தனி ஆள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் பேசட்டும். எட்டாவது வரைவையும் அவர் பாதி திருத்த வேண்டியிருந்தால் ஆளை மாற்றலாம்.