இறுகிய பிரடை: முறுக்குவதா, தட்டுவதா?

காசிமேட்டுக் கடல்காற்றில் ஐப்பசி வந்தால் வீட்டுக் கதவே ஊதிக்கொண்டு மூட மாட்டேன் என்கிறது. தந்தியைச் சுற்றி முறுக்கிச் சுருதி சேர்க்கும் வயலின் பிரடை எம்மாத்திரம்? ஒரு மாதம் திறக்காத பெட்டியிலிருந்து எடுத்தபோது இரண்டாம் தந்தியின் பிரடை துளியும் அசையவில்லை.

பிளையர் போட்டுத் திருகுவதை எண்ணவே வேண்டாம். பிரடை தந்தித் துளையருகே முறியும். எண்ணெயும் வேண்டாம், மரத்தில் ஊறிவிட்டால் பிறகு பிரடை நிற்காமல் வழுக்கும். மிச்சம் இருப்பவை கையால் முறுக்குவதும், மெல்லிய முனையிலிருந்து தட்டி வெளியேற்றுவதும்.

நான் தட்டும் கட்சி. பிரடை ஆப்பு போன்றது. 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் பருமன் கூடும். அதனால் தலைப்பக்கமாக இம்மியளவு நகர்ந்தாலே பிடி விட்டுப்போகும். முறுக்கும்போதோ, சுருதி சேர்க்கும் பழக்கத்தில் கை தன்னையறியாமல் உள்ளே அழுத்துகிறது. ஆப்பு இன்னும் இறங்கி, தான் செருகியிருக்கும் துளையை அகட்டுகிறது. அந்தத் துளை இருக்கும் பிரடைப்பெட்டிச் சுவரின் மரநார் நீளவாக்கில் ஓடுவதால் விரிசலும் துளையிலிருந்து அதே வாக்கில் கிளம்பும்.

முதலில் இரண்டு இரவு, ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வயலினைப் பெட்டியில் மூடி வைத்தேன். வெயிலில் வைத்தால் பசை இளகும். உலர்த்தியது மட்டும் போதவில்லை, ஆனால் அடுத்த வேலையை அது எளிதாக்கியது என்றே நினைக்கிறேன்.

பிறகு ஃபைன் ட்யூனரைத் தளர்த்தி, அந்தத் தந்தியை அடிமுனையில் கழற்றினேன். மற்ற மூன்றையும் சற்றே தளர்த்தினேன். அவற்றையும் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு மரத்தூண் சாய்ந்துவிடலாம்.

தட்டும்போது சுவருக்குத் தாங்கல் இருக்கிறதா என்பதுதான் எல்லாம். தாங்கல் இல்லாமல் தட்டினால் அடி முழுவதும் அந்த மெல்லிய சுவரில் விழும். ஒரு பலகைத் துண்டில் பிரடைத் தண்டைவிடச் சற்று அகலமான பிளவு வெட்டி, துணி ஒட்டி, பிரடைத் தலைக்கும் சுவருக்கும் நடுவே செருகினேன். பலகையின் இரு முனைகளும் இரண்டு புத்தக அடுக்குகள் மேல். பிரடைத் தலை நடுவே தொங்கியது. தம்பி வயலினை அணைத்துப் பிடித்தான். எதிர்ப்பக்க முனையில், சுவரை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டேன். அந்த முனையைவிட மெல்லிய மரக்குச்சியை அதன் மேல் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தொட்டதுபோல் தட்டினேன்.

"அண்ணா, கோடு உள்ள போயிடுச்சு" என்றான். ஏழாவது தட்டு. பிறகு விரலாலேயே வந்தது.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: நான் இதைச் செய்தது இந்த ஒரு வயலினில்தான். டார்ச் அடித்துப் பார்க்கையில் துளையருகே மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பழைய விலையுயர்ந்த வயலின் என்றாலோ பழுதுபார்ப்பவரிடமே கொடுத்திருப்பேன்.

கழன்ற பிரடையில் இரண்டு பளபளப்பு வளையங்கள் இருந்தன. துடைத்து, அவற்றின் மேல் உலர்ந்த சோப்பைத் தேய்த்து, வழுக்காமலிருக்கச் சாக்பீஸும் பூசி மாட்டினேன்.