240 டாலர் வாங்கிக்கொண்டு போலி மோஷன் ப்ளர் கொடுத்தார்கள்: ரெண்டருக்கு ஆள் பிடிக்கும் முன் படியுங்கள்

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஃப்ரீலான்ஸர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு தளம் வழியாக என் அனிமேஷனை ரெண்டர் செய்யக் கொடுத்தேன். 240 டாலர் போய்விட்டது. புகார் இன்னும் முடியாததால் தளத்தின் பெயரைச் சொல்லவில்லை.

காட்சி இதுதான்: ஒரு பாத்திரம் நீளமான கம்பை வேகமாகச் சுழற்றுகிறது. பிளெண்டர், சைக்கிள்ஸ், நொடிக்கு 24 ஃப்ரேம். கம்பின் நுனி ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 160 பிக்சல் நகர்கிறது. `Motion Blur` பகுதியில் `Shutter` மதிப்பை 0.5 என்று வைத்துத்தான் ஃபைலைக் கொடுத்தேன். அது 180 டிகிரி ஷட்டர் ஆங்கிள். அதாவது ஷட்டர் 1/48 நொடி திறந்திருக்கும். நுனி 80 பிக்சல் நீளத்துக்கு இழுபடும், அடுத்த 80 பிக்சல் வெற்றிடம். சினிமா பார்த்துப் பழகிய கண் அந்த இடைவெளியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். 45 டிகிரிக்கு இறக்கினால் இழுவை 20 பிக்சல்தான். ஒரு கம்பு பல கம்புகளாகத் துள்ளித் துள்ளித் தெரியும். 360க்கு ஏற்றினால் ஒரு ஃப்ரேமின் இழுவை முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். கம்பு இருந்த இடத்தில் புகைதான் மிஞ்சும், அடி விழும் கணம் தெரியாது. இந்தக் காட்சிக்கு 180தான் சரி என்று ஃபைலோடு எழுதியும் கொடுத்தேன்.

முதலில் அந்த ஆள் சில மாதிரி ஃப்ரேம்கள் அனுப்பினார். அருமையாக இருந்தன. தரையில் விழுந்த கம்பின் நிழல்கூடச் சரியாக இழுபட்டிருந்தது. அந்த நிழலைப் பார்த்துத்தான் நம்பினேன். "மொத்தத்தையும் இதே மாதிரி செய்துவிடுவேன், கவலைப்படாதீங்க" என்றார். 240 டாலரையும் முன்பணமாகவே கட்டினேன்.

முழு வேலை வந்ததும் ஓட்டிப் பார்த்தேன். கம்பு கூழாகத் தெரிந்தது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களைத் திறந்து அளந்தேன். நுனி நகர்ந்த தூரம் D, கம்பின் தடிமனைக் கழித்தபின் இழுவையின் நீளம் B:

```
B / D × 360 = 150 / 160 × 360 ≈ 338
```

இழுவையின் ஓரம் மங்கிப்போவதால் அளவு கொஞ்சம் குறைவாகவே வரும். ஆக, கிட்டத்தட்ட 360 டிகிரி. நான் கேட்டது 180.

அதைவிட மோசம் நிழல். கம்பு இழுபட்டிருக்க, அதன் நிழல் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. ப்ளர் இல்லாமல் வேகமாக ரெண்டர் செய்துவிட்டு, பிறகு வெக்டர் பாஸை வைத்து மேலே ப்ளர் பூசியிருக்கிறார்கள். வெக்டர் பாஸில் இருப்பது ஒவ்வொரு பரப்பும் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான். தரை நகரவில்லை, அதனால் தரைமேல் ஓடும் நிழலுக்கு ப்ளர் கிடைக்காது. பளபளப்பான பொருளில் தெரியும் பிரதிபலிப்புக்கும் கிடைக்காது. கம்புக்குப் பின்னால் இருந்த தரைக் கோடுகளும் கம்போடு சேர்ந்து இழுபட்டிருந்தன. மறைந்திருந்த பின்னணி அந்தப் படத்தில் இல்லையே, அதை ஊகித்துத்தானே நிரப்ப முடியும். படத்திலேயே பதிந்துவிட்ட இந்த ப்ளரைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

கேட்டதற்கு முதல் பதில்: "ஓடும்போது யாருக்கும் தெரியாது." அடுத்து, "உங்க மானிட்டர் பிரச்சினையா இருக்கும்." அளந்த படங்களை அனுப்பினேன், பதிலே இல்லை. தளத்தின் உதவிக் குழு என்ன சொன்னது தெரியுமா? "ஃபைல்கள் உரிய நேரத்தில் வந்துவிட்டன. தரம் என்பது ரசனையைப் பொறுத்தது." நிழல் ஏன் இழுபடவில்லை என்பது ரசனையா? மாதிரியில் ஒழுங்காகச் செய்துகாட்டியவருக்கு முறை தெரியாமலா இருக்கும்? 240 டாலர்!

எப்படி ஆள் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்பே கட்டாதீர்கள். மாதிரியைப் பார்த்து ஏமாறாமல், வேலை நடக்கும்போதே நடுவிலிருந்து ஃப்ரேம்களை நீங்களே எண் சொல்லிக் கேளுங்கள். வந்ததும் நிழலைப் பாருங்கள், பிறகு இழுவையை அளந்து பாருங்கள். சைக்கிள்ஸில் `Motion Blur` போட்டால் வெக்டர் பாஸ் கிடைக்காது. ஆகவே அதே ரெண்டரின் வெக்டர் பாஸையும் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள். "சினிமாட்டிக் ப்ளர்" என்று பேசினால் விடாதீர்கள், `Shutter` மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.