வாசலில் உதிர்ந்த கொன்றை: ஒட்டுவதா, உதிர்ப்பதா?

வீட்டு முகப்பைக் கணினியில் நிஜம்போல வரைந்துகாட்டும் ரெண்டரில் பூத்த மரத்தைக் கொண்டுவர இரண்டு வழி உண்டு. மரத்தின் படத்தை வெட்டியெடுத்து போட்டோஷாப்பில் ஒட்டலாம். இல்லையென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மரத்தையே நட்டு, இதழ்களையும் அங்கேயே உதிர்க்கலாம். வாசலோரம் சரக்கொன்றை வேண்டும் என்று ஒரு வேலை வந்தபோது நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

ஒரே கோணம், நாளைக் காலையில் கொடுக்க வேண்டும் என்றால் போட்டோஷாப் போதும். மரம் காம்பவுண்டுக்கு வெளியே தள்ளி நின்றால் வித்தியாசமே தெரியாது.

வாசலருகே வந்தால் தரையில் கிடக்கும் இதழ்கள் காட்டிக்கொடுத்துவிடும். கேமரா ஆள் உயரத்தில் இருக்கும்போது காலடியில் கிடக்கும் இதழ் அகலமாகத் தெரியும். தள்ளிக் கிடப்பது மெல்லிய கீற்றாகத் தெரியும். பிரஷ்ஷால் தூவினால் எல்லாமே மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். இதழுக்கு அடியில் சின்ன நிழல் விழாவிட்டால் தரையில் படாமல் மிதக்கும். இதையெல்லாம் கையால் சரிசெய்துவிடலாம். ஆனால் காலை வெயிலை மாலை வெயிலாக மாற்றுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னால் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

பிளெண்டரில் இதழின் சாய்வும் நிழலும் தானாகவே வந்துவிடும். எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். இதழ் விழும் புள்ளிகளைத் தரையில் தூவும் Distribute Points on Faces நோடில் Poisson Disk முறை வேண்டாம். அது புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விட்டே போடும்; அளந்து வைத்த மாதிரி ஆகிவிடும். Random வைத்தால் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அடர்த்தியை Weight Paint-இல் தீட்டுங்கள்: கிளைக்கு நேர் கீழே அதிகம், வெளியே போகப்போகக் குறைவு, ஆள் நடக்கும் நடுப்பாதையில் அநேகமாக ஒன்றுமில்லை. படியும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் தாராளமாக விடுங்கள். காற்றும் துடைப்பமும் இதழை அங்கேதான் ஒதுக்கும். புது இதழ், ஓரம் சுருண்டது, பழுப்பேறியது, முழுப்பூ என்று நான்கு வடிவம் செய்துகொண்டால் போதும். ஒரே வடிவத்தை ஆயிரம் இடத்தில் வைத்தாலும் நினைவகம் பெரிதாகச் செலவாகாது.

எந்த வழியில் போனாலும் மரம் கொன்றையாக இருக்க வேண்டும். பூ உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியில் அதில் இலை குறைவு. இலை அடர்ந்த மாடலில் மஞ்சள் சரத்தைத் தொங்கவிட்டால் பொய்யாகத் தெரியும். இலையைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டு, போன வருஷத்துக் கறுத்த காய் இரண்டு மூன்றைத் தொங்கவிட்டேன். மரத்துக்கு உயிர் வந்தது.

இதழை இயற்பியல் சிமுலேஷனில் உண்மையாகவே விழவிடவும் செய்யலாம். ஒரு படிக்கட்டு அளவுக்குத்தான் நான் பார்த்திருக்கிறேன், அழகாகவே படிந்தது. முற்றம் முழுக்க அப்படிச் செய்தால் கணினி தாங்குமா என்பதை உங்கள் இயந்திரத்தில் சிறிய பகுதியை ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.