நார்ச்சத்துக்கு கிராமுக்கு 2 கலோரி: கணக்கெழுதிப் பழகிய அனுபவம்

சில வருடங்களாகச் சாப்பிடுவதை எடைபோட்டு எக்செல்லில் எழுதி வருகிறேன். அதில் அதிகம் யோசிக்க வைத்தது நார்ச்சத்துக் கட்டம்தான்.

மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9. நார்ச்சத்தும் ஒரு வகை கார்போஹைட்ரேட்தான். எரித்துப் பார்த்தால் அதிலும் ஏறக்குறைய 4 இருக்கிறது. ஆனால் நம் சிறுகுடலின் நொதிகளால் அதை உடைக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதில் ஒரு பகுதியை நொதிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்ற, அவற்றை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. சாதாரண உணவில் சுமார் 70 சதவீதம் இப்படி நொதிக்கும் என்று வைத்து, வாயுவாகப் போவதையும் பாக்டீரியா தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வதையும் கழித்தால் சுமார் 2 மிஞ்சுகிறது. ஐநா உணவு வேளாண் அமைப்பின் 2003 அறிக்கை பரிந்துரைப்பதும் இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள் விதியிலும் இதே எண்தான்.

சரி, தட்டில் என்ன மாறும்? வேகவைத்த கொண்டைக்கடலை 200 கிராம் எடுத்துக்கொள்வோம். தோராயமாகப் புரதம் 18 கிராம், கொழுப்பு 5, நார்ச்சத்தையும் சேர்த்து கார்போஹைட்ரேட் 55, அதில் நார்ச்சத்து 15. எல்லா கார்போஹைட்ரேட்டையும் 4ஆல் பெருக்கினால் மொத்தம் 337. நார்ச்சத்தை மட்டும் 2ஆல் பெருக்கினால் 307. அதைப் பூஜ்யமாக விட்டால் 277. 55ஐ முழுசாக 4ஆல் பெருக்கிவிட்டு, நார்ச்சத்துக்கென்று 30ஐயும் மேலே சேர்த்தால் 367. இதில் 307தான் சரி.

கடைசித் தவறுதான் மிக எளிதாக நடக்கிறது. காரணம், லேபிள்கள் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்க லேபிளில் மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள்ளேயே நார்ச்சத்து அடங்கியிருக்கும். ஐரோப்பிய லேபிளில் அது தனி. எந்த வகை என்று தெரியாதபோது இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, அச்சிட்ட கலோரிக்கு எது நெருங்குகிறது என்று பார்ப்பேன். நார்ச்சத்து நிறைய உள்ள பொருளில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1 கிராம் மட்டும் இருக்கும் பொருளில் இந்தச் சோதனை உதவாது, அங்கே அது தேவையும் இல்லை.

நார்ச்சத்தையும் சேர்த்த கார்போஹைட்ரேட் என்றால் சூத்திரம் இவ்வளவுதான் (B புரதம், C கொழுப்பு, D கார்போஹைட்ரேட், E நார்ச்சத்து):

```
=4*B2+9*C2+4*D2-2*E2
```

தனியாகக் கொடுத்திருந்தால் கடைசியில் `-2*E2` என்பதை `+2*E2` என்று மாற்றினால் போதும்.

நாளுக்கு 30 கிராம் நார்ச்சத்து சாப்பிடுகிறவருக்கு, 4 என்று எண்ணுவதற்கும் 2 என்று எண்ணுவதற்கும் 60 கலோரி வித்தியாசம். பயறும் முழுதானியமும் அதிகம் சாப்பிடுகிறவருக்கு இன்னும் கூடும். அதே சமயம் 2 என்பது சராசரிதான். பழத்தின் பெக்டின் ஏறக்குறைய முழுதும் நொதிக்கும். கோதுமைத் தவிட்டில் பெரும்பங்கு அப்படியே வெளியே போய்விடும். அதனால் தவிட்டைத் தினமும் அள்ளிப் போட்டுக்கொள்கிறவரின் கணக்கில் 2 என்பதே கொஞ்சம் அதிகம்.